குடும்பப் படத்துக்கு ஒரு மாஸ்க்

படத்தை வெட்டாமலேயே வெட்டியது போலக் காட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த சின்ன ஆபீசில் நான் இணையதளங்கள் செய்துவந்தேன். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். பள்ளிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள், பல் டாக்டர்கள் என்று அவர் ஆட்களைப் பிடித்துக்கொண்டு வருவார். பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து தருவார். நான் அதை பிரவுசரில் ஓடும்படி எழுதித் தருவேன்.

பள்ளிக்கூட வேலை வந்தால் ஆசிரியர்கள் பக்கம் என்று ஒன்று கட்டாயம் இருக்கும். படங்கள் வாட்ஸாப்பில் வரும். சிலர் ஸ்டூடியோவில் எடுத்தது, சிலர் கல்யாண வீட்டில் நின்றது, சிலர் பின்னால் பைக்கோடு. எல்லாவற்றையும் ஒரே மாதிரி வட்டத்துக்குள் காட்ட வேண்டும். கிளிப்-பாத் என்று ஒரு வரி எழுதினால் போதும். கோப்பில் படம் முழுசாகவே இருக்கும், வட்டத்துக்குள் விழுவதை மட்டும் பிரவுசர் காட்டும். ஆனால் சதுரமில்லாத படத்துக்கு ஆரம் ஐம்பது சதவீதம் என்று கொடுத்தால் வட்டம் அகலத்தைத் தாண்டிப் போய் இரண்டு பக்கமும் தட்டையாகிவிடும். பக்கத்து விளிம்பைத் தொடும் அளவு என்று கொடுத்தால்தான் உருண்டையாக வரும். முகம் மேலே இருக்கும் படத்துக்கு வட்டத்தின் மையத்தையும் மேலே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஒரு சட்டைப் பையும் பேனாவும்தான் தெரியும். ஒவ்வொரு முகமாகப் பார்த்து இந்த மையத்தை நகர்த்தி வைப்பது எனக்குப் பிடித்த வேலை. யாருடைய காதும் போகாமல், யாருடைய கொண்டைப் பூவும் அறுபடாமல் பார்த்துக்கொள்வேன். பாய் மற்றவர்களிடம், "முகம் வைக்கறதுல எங்க தம்பிய அடிச்சுக்க ஆளில்ல" என்பார்.

அந்தப் பாய்தான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். ஒரு பள்ளிக்கூடத்துத் தளம் வெளியே போய்விட்டிருந்தது. முகப்பில் கட்டடத்தின் பெரிய படம், அதன் அடிப்பக்கம் சாய்வாக வெட்டினாற்போல இருக்கும். இடது மூலையில் முழு உயரம், வலது மூலையில் எண்பது சதவீத உயரம், நடுவே நேர்கோடு. பாலிகான் என்று நாலு புள்ளிகளைச் சொன்னால் அந்தச் சாய்வு வந்துவிடும்.

"தம்பி, அட்மிஷன் பட்டன் எங்க?"

"வலது பக்கம் கீழ இருக்குது பாருங்க பாய்."

"அரைத் துண்டுதான் இருக்குது. அந்தத் துண்டுலயும் ஓரத்துல தொட்டா போக மாட்டேங்குது. ஸ்கூல்காரங்க கத்தறாங்க."

நான் திறந்து பார்த்தேன். பட்டனை அந்தப் படத்தின் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். கிளிப்-பாத் போட்ட பெட்டிக்குள் இருப்பதெல்லாம் அந்த வடிவத்துக்குக் கட்டுப்பட்டது. சாய்வுக் கோடு பட்டனின் குறுக்கே போயிருந்தது. கோட்டுக்குக் கீழே போனது கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் சிக்காது. பட்டனைப் பெட்டிக்கு வெளியே எடுத்து வைத்தேன், சரியாகிவிட்டது. சிறிய தவறுதான். எல்லோரும் செய்வது. ஆனால் வேலை முடித்து இரண்டு தடவை அந்தப் பக்கத்தைச் சரிபார்த்தவன் நான். அந்த அரைப் பட்டன் என் கண்ணில் படவே இல்லை. பாய் சொன்ன பிறகும் அதைப் பார்க்க எனக்குத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது.

பாய் என் பின்னால் வந்து நின்றார்.

"ஏன் தம்பி, செவுத்தோட செவுரா ஒட்டி உக்காந்திருக்கீங்க?"

என் நாற்காலி பின்சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நானே தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். தள்ளி உட்கார்ந்தால்தான் திரை முழுவதும் ஒரே பார்வையில் வந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தேன், தெரியவில்லை. பாய் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணு டாக்டர ஒருக்கா பாத்துட்டு வாங்க. பட்டன் கெடக்குது, வுடுங்க."

உடனே போகவில்லை. எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிந்தது. பஸ்சின் போர்டைத் தூரத்திலேயே படித்துவிடுவேன். பொழுது சாய்ந்தால் வண்டி ஓட்டத் தடுமாற்றமாக இருந்தது. அதற்கு எதிரே வரும் விளக்கு வெளிச்சத்தைக் காரணமாகச் சொல்லி, வண்டியை நிறுத்திவிட்டு பஸ்சில் போய்வந்தேன்.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். அப்பா கொஞ்சம் மேட்டு நிலத்தில் ராகியும் தட்டைப்பயறும் போடுகிறவர். சந்தை நாளில் ஒரு முறை அவரோடு போயிருந்தேன். நேரே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். காலடியில் சொதசொதவென்று ஏதோ மிதிபட்டது. ஒரு அம்மா சாக்கு விரித்துக் கீரைக்கட்டு வைத்திருந்தார். அதன் மேலேயே ஏறி நின்றிருக்கிறேன்.

"கண்ணு என்ன பின்னாலயா இருக்குது?" என்று அந்த அம்மா கத்தினார்.

அப்பா அவரிடம் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாள் பூரா அந்தப் பொட்டிய பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா இப்படித்தான். மனுசன் மொகம் தெரியாது, வழியும் தெரியாது. நேத்து உங்க சித்தப்பன் ரோட்டோரமா நின்னு சிரிச்சிருக்கான், நீ பாட்டுக்குப் போயிருக்கற. பெரிய ஆபீசராயிட்டான்னு சொல்லிட்டுப் போறான்."

"நான் பாக்கலப்பா."

"அதத்தான் நானும் சொல்றன்."

அந்த வாரமே மனைவி என்னைச் சேலத்துக்கு ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஒரு பரிசோதனை. வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, தாடையைத் தாங்கியில் பதித்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்னதாக வெளிச்சப் புள்ளிகள் வரும். வருவது தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நான் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒன்றிரண்டு வந்தன, அமுக்கினேன். பிறகு ஒன்றும் இல்லை. கருவி நின்றுவிட்டது போல என்று நினைத்தேன்.

பக்கத்திலிருந்த பெண், "சார், தெரிஞ்சா அமுக்குங்க" என்றார்.

"லைட்டே வரலீங்களே."

அவர் கருவியின் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வந்துட்டுத்தாங்க இருக்குது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது அதற்கு விளக்கம் மட்டும்தான். விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டு வருகிறது. நடுப்பார்வை கடைசிவரை கொஞ்சம் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். திரும்பக் கொண்டுவர இப்போதைக்கு வழியில்லை. மனைவி, "கண்ணாடி போட்டா ஆகுங்களா? ஆபரேசன் ஏதாச்சும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டாக்டர் பொறுமையாகத் திரும்பத் திரும்ப இல்லை என்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

"உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டுனவங்களா?"

"ஆமாங்க. அம்மா, அப்பாவோட அக்கா பொண்ணு."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். என் மனைவி எனக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை, எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று தெரிந்ததும், "குழந்தைக்கு வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி" என்றார். மனைவி அப்போதுதான் அழுதாள்.

திரும்பி வரும்போது பஸ்சில் அந்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு கண்ணுக்கு ஒரு தாள். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் கருப்பு. நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு சின்ன ஓட்டை, அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொடி. கீழே வலப்பக்கம் சாம்பலாக ஒரு திட்டு. தெரிகிற இடம் வெள்ளை, தெரியாத இடம் கருப்பு. நான் தினமும் வேலையில் செய்வது இது. கிளிப்-பாத் கோடு போட்டாற்போல வெட்டும். ஓரம் கரைந்து போக வேண்டுமென்றால் அதற்கு மாஸ்க். வெள்ளையும் கருப்புமாக ஒரு படத்தை இன்னொரு படத்தின் மேல் மாஸ்க்காகப் போட்டால், வெள்ளைக்கு நேரே இருப்பது தெரியும், கருப்புக்கு நேரே இருப்பது மறையும், சாம்பலுக்கு நேரே இருப்பது மங்கலாகத் தெரியும்.

"சுத்தியும் கருப்பா தெரியுங்களா உங்களுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல. கருப்பே தெரிஞ்சா கண்டுபுடிச்சிருப்பனே."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் சொன்னோம். சொந்தத்தில் கட்டியதைப் பற்றி டாக்டர் கேட்டதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று மனைவியிடம் பஸ்சிலேயே சொல்லியிருந்தேன். அம்மா கேட்டபடியே பேத்தியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அப்பா நம்பவில்லை. அன்றைய செய்தித்தாளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"படி."

படித்தேன். பொடி எழுத்தைக்கூடப் படித்தேன்.

"இத படிக்கறவனுக்குக் கண்ணு போவுதுன்னு எந்த டாக்டரு சொன்னான்? எனக்கு இதுல பாதி தெரியாது. காசு புடுங்கற வேல. அந்தக் கம்ப்யூட்டர ரெண்டு மாசம் தொடாம இரு, தானா சரியாயிரும்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் கதவில் இடித்துக்கொள்வேன், அடுத்த நிமிடம் தரையில் விழுந்த குண்டூசியை எடுத்துத் தருவேன். யாருக்குமே அது நடிப்பு போலத்தான் தெரியும். பக்கவாட்டில் நின்று அவர் தண்ணீர்ச் செம்பை நீட்டினால் நான் நேரே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவருக்கு அது மரியாதைக் குறைவு. அப்படி ஒரு நாள் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடாமலே ராகிக் காட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஆபீசில் அந்தப் பரிசோதனைத் தாள்களில் ஒன்றை ஸ்கேன் செய்தேன். எழுத்தையும் எண்களையும் ஒதுக்கி, வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். போனில் ஒரு படம் இருந்தது. மகளுக்குக் காது குத்திய அன்று எங்கள் வீட்டு இளநீலச் சுவருக்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி எடுத்தது. நடுவில் மகள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பின்னால் மனைவி. இடப்பக்கம் அம்மாவும் என் அக்காவும். வலப்பக்கம் அப்பாவும் அக்காவின் மகனும். எடுத்தது நான் என்பதால் அதில் நான் இல்லை.

தாளை மாஸ்க்காகப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை, படம் முழுசாகவே நின்றது. ஒரு நிமிடம் குழம்பி, பிறகு நினைவு வந்தது. மாஸ்க் சாதாரணமாக நிறத்தைப் பார்க்காது, எங்கே ஒளி ஊடுருவுகிறது என்றுதான் பார்க்கும். ஸ்கேன் செய்த தாளில் ஊடுருவும் இடமே கிடையாது. கருப்பும் கெட்டி, வெள்ளையும் கெட்டி. அதனால் எல்லாவற்றையும் காட்டிவிட்டது. வெளிச்ச அளவை வைத்து மறைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன்.

குடும்பம் போய்விட்டது. மகள் மட்டும் இருந்தாள். அவள் முகமும், புதுக் கம்மலும், பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்த மனைவியின் விரல்களும். கீழே வலப்பக்கம் மங்கலாக ஒரு வேட்டிக் கரை. மற்ற இடமெல்லாம் பக்கத்தின் வெள்ளை.

பாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "என்ன தம்பி இது?" என்றார். சொன்னேன். அவர் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார். ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

அந்த வெள்ளை எனக்கு உறுத்தியது. எனக்கு வெள்ளையும் தெரிவதில்லை. படத்தில் இருந்த சுவரின் நீலத்தைத் தொட்டு எடுத்து, அதையே பக்கத்தின் பின்னணி நிறமாகக் கொடுத்தேன். இப்போது ஓட்டையும் தெரியவில்லை, மறைப்பும் தெரியவில்லை. நீலச் சுவருக்கு முன்னால் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள், தோளில் விரல்கள், கீழே ஒரு வேட்டிக் கரை, அவ்வளவுதான். வேறு யாரும் அங்கே எப்போதுமே இல்லாதது போல. இதுதான் சரி என்று தோன்றியது. பஸ்சில் மனைவி கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கணக்கு மிகத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாள் எதிரே உள்ள பகுதியை மட்டும் அளப்பது, நான்தான் அதைப் படத்தின் அளவுக்கு இழுத்திருந்தேன். ஆனால் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன்.

"மறுபடியும் பொட்டியா?" என்றார்.

"ஒரே ஒரு தடவ பாருப்பா."

முதலில் முழுப் படத்தைக் காட்டினேன். முகம் மலர்ந்தது. "காது குத்துனப்ப எடுத்தது. உங்கக்கா பாரு, சிரிக்கவே இல்ல" என்றார். பிறகு மாஸ்க்கைப் போட்டேன்.

"என்னடா, புள்ள மட்டும் இருக்குது? நாங்கல்லாம் எங்க?"

"இருக்கீங்கப்பா. படத்துல ஒண்ணும் வெட்டல. எனக்குத் தெரியறது இவ்வளவுதான்."

"தெரியறதுன்னா?"

"நீ என் எதுக்க நின்னா தெரியுவ. ஒரு கை தள்ளி நின்னா நீ இல்ல. செவுருதான்."

அவர் திரையின் வலப்பக்கத்தில், தான் நின்ற இடத்தில், விரலை வைத்தார். நீலம். நான் மாஸ்க்கை எடுத்தேன், அவர் விரலுக்கு அடியில் அவர் முகம் வந்தது. மறுபடி போட்டேன், போனது. அவரே, "இன்னொருக்கா" என்றார். செய்தேன். "இன்னொருக்கா."

பிறகு அவர் கேட்டது எனக்கு இன்னும் கேட்கிறது.

"அன்னிக்கு எங்கள எல்லாம் பாத்துத்தானடா எடுத்த?"

"போன்ல பாத்தன்ப்பா. போனு சின்னது, எல்லாரும் அதுக்குள்ள வந்துட்டீங்க."

அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது இன்னும் சின்னதாவுமா?"

"ஆவும்னாரு."

"எவ்வளவு?"

நான் மாஸ்க்கைச் சுருக்கிக் காட்டத் தொடங்கினேன். கம்மல் போனது. நெற்றி போனது. அவர் சட்டென்று என் கையைப் பிடித்து, "போதும், நிறுத்து" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து எப்போது பின்னால் நின்றார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பேச்சையெல்லாம் கேட்டிருக்கிறார்.

"என்ன நடுவுல வையி தம்பி" என்றார்.

"என்னம்மா?"

"நான் எதுக்க வந்தா எப்படித் தெரியுவன், அத வச்சுக் காட்டு."

மாஸ்க்கின் இடத்தை இடப்பக்கம் தள்ளினேன். மகள் கரைந்து, நீலம் கொஞ்சம், பிறகு அம்மாவின் சேலை, கழுத்து, முகம். படத்தில் அம்மா கேமராவைப் பார்க்காமல் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பேத்தி இல்லாததால் யாருமில்லாத சுவரைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. அம்மா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புள்ள போயிட்டாளே."

"ஒருத்தரு வந்தா ஒருத்தரு போயிருவாங்கம்மா."

"அப்ப வேண்டாம். அவளையே வையி" என்றார். திரும்பிப் போய்விட்டார். பாத்திரம் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது, அன்று தேய்ப்பதற்கு அவ்வளவு பாத்திரம் இல்லை.

அப்பா அந்த இடத்தை விட்டு எழவில்லை. லேப்டாப்பை மூடச் சொன்னார். மூடினேன்.

"எங்கப்பனுக்கும் இப்படித்தான்டா" என்றார். "பொழுது எறங்குனா வூட்ட வுட்டு நகர மாட்டாரு. மாலக்கண்ணுன்னு சொல்லுவாங்க. முருங்கக் கீரையா ஆக்கிப் போட்டாங்க. கடைசியில பட்டப்பகல்லயே கவுறு கட்டி வச்சிருந்தோம், கொல்லைக்குப் போவ. வயசாச்சு, அதனாலன்னு நெனச்சோம். ஆனா அப்ப அவருக்கு ஒண்ணும் பெரிய வயசில்ல."

நான் தாத்தாவைப் பார்த்ததில்லை. கயிறு கட்டிய கதையை யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை.

"ரத்தத்துல வர்றதா இது?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரெதிரே உட்கார்ந்திருந்ததால் அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஆமாப்பா. ரெண்டு பக்கமும் இருந்தா வரும்னாங்க."

"ரெண்டு பக்கமும்னா... ஒரே பக்கந்தான்டா அது. அக்கா மவளாச்சே." அடுப்படிப் பக்கம் பார்த்தார். "உங்கம்மாவுக்கு பாலக்கோட்டுப் பக்கத்துலருந்து ஒரு நல்ல எடம் வந்துச்சு. நான்தான் வுடல. என் மொற, நான்தான் கட்டுவன்னு சண்ட போட்டு நிறுத்துனன்."

"உனக்கென்னப்பா தெரியும் அப்ப."

"தெரியாதுதான்" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து, "முடிஞ்சதப் பேசி என்ன ஆவப்போவுது? மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அப்பா எழுந்து போனார்.

அதன் பிறகு வீட்டில் என்னை யாரும் திட்டவில்லை. அது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. எல்லோரும் சுற்றி வந்து என் முகத்துக்கு நேரே நின்றுதான் பேசினார்கள். மகள்கூட. அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. எதையாவது காட்ட வேண்டுமென்றால் ஓடி வந்து முன்னால் நின்று, "அப்பா, இப்ப தெரியுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவாள். தெரியுது என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

ஆபீசில் பாய் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. பக்கத்தை நான் எழுத, அவர் பார்த்துச் சொல்வார். "வலது பக்கம் மேல இடம் காலியா கெடக்குது தம்பி." "மூணாவது வரிசையில ஒரு மிஸ்ஸுக்குக் காது போயிருச்சு." ஒரே திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு அப்படி ஒரு வருடம் ஓட்டினோம். வட்டத்துக்குள் முகம் வைக்கும் வேலையை மட்டும் நான் விட்டுத்தரவில்லை. ஒரு முகம் ஒரு நேரத்தில் என்றால் எனக்கு இன்னும் முழுசாகத் தெரிந்தது. பிறகு பஸ்சில் வந்துபோவது கடினமாகிவிட்டது. இறங்கும் இடத்தில் கீழ்ப்படி தெரியாமல் ஒரு முறை விழுந்து முட்டி கிழிந்தது. வீட்டிலிருந்தே செய்கிறேன் என்றேன். பாய் என் நாற்காலியை வண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்து போட்டார். டீ குடித்தார். போகும்போது அப்பாவிடம், "வேலைக்கு ஒண்ணும் குறையில்லீங்க, நான் அனுப்பிக்கிட்டே இருப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே அனுப்புகிறார். முன்பு போல நிறைய இல்லை.

அக்காவிடம் சொல்லும் வேலையை அப்பா தானே எடுத்துக்கொண்டார். அக்காவை அரூர் பக்கம் ஒரு சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்திருக்கிறது. என் மகள் பிறந்த அன்றே, "என் வூட்டு மருமவ வந்துட்டா" என்று சொல்லிச் சர்க்கரை கொடுத்தவள் அவள். விளையாட்டாகத்தான் சொல்வாள், ஆனால் ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்த முறையில்தான் சேலையும் வளையலும் எடுத்து வருவாள். பொங்கலுக்கு வந்தபோது அப்பா அவளை உட்கார வைத்தார்.

"இங்க பாரும்மா, இனிமே அந்தக் கல்யாணப் பேச்சு வேண்டாம். நம்ம ரத்தத்துக்குள்ளயே குடுத்து எடுத்தது போதும்."

அக்கா என்னைப் பார்த்தாள். "இவனுக்கு வந்துட்டா எம் பையனுக்கும் வந்துருமா? எம் பையன் நல்லாத்தான இருக்கறான்?"

"நல்லாத்தான் இருக்கான். நானும் நல்லாத்தான் இருந்தன்க்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது அவளை எப்படிக் குத்தும் என்று உறைத்தது. அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். மாமன் பொண்ணு என்று அவள் மகன் என் மகளோடு வாசலில் பட்டம் கட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கையைப் பிடித்து எழுப்பினாள். எடுத்து வந்த வளையலை அம்மா கையில் வைத்துவிட்டு, சாப்பிடாமலே மத்தியான பஸ்சுக்குக் கிளம்பிவிட்டாள். அம்மா ரோடுவரை பின்னாலேயே போனார். நான் வாசலில் நின்று அவர்கள் போன திசையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எப்போதோ வளைவு திரும்பிவிட்டதாக மனைவி வந்து சொன்னாள்.

அக்கா பிறகும் போன் செய்கிறாள். அம்மாவிடம் பேசுவாள், என் உடம்பைப் பற்றிக் கேட்பாள். அவள் மகனைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொன்னோம். காட்டினாளா என்று தெரியவில்லை. கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.